கடலோர வீட்டில் கேமிங் கம்ப்யூட்டர்: தூசியும் ஈரமும் ஆயுளைக் குறைக்குமா?

மதுரை கோரிப்பாளையம் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். மண்டபம், தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை என்று ராமநாதபுரம் கரையோரத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வரும் கேபினட்கள் என் மேசைக்கு வராத வாரம் கிடையாது. கொண்டு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலும் தந்திருக்கிறேன்.

“கடற்கரைக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு. கம்ப்யூட்டர் சீக்கிரம் கெட்டுப்போகுமாண்ணே?”

கவனிக்காமல் விட்டால் கெடும். ஆனால் தூசி செய்யும் வேலை வேறு, உப்பு ஈரம் செய்யும் வேலை வேறு.

காய்ந்த தூசி பெரும்பாலும் வேகத்தைத்தான் தின்கிறது. ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே அடைத்துக்கொண்டு காற்றை மறிக்கும். சூடு ஏறியதும் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தங்களைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சுத்தம் செய்த அன்றே பழைய வேகம் திரும்பிவிடும். அதுவரை பட்ட சூட்டின் கணக்கு மட்டும் கெப்பாசிட்டர்களில் ஏறியிருக்கும். திரவம் உள்ள கெப்பாசிட்டர் 10 டிகிரி கூடுதல் சூட்டில் ஓடினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருப்பவை பெரும்பாலும் அந்த வகைதான்.

உப்பு ஈரம் தின்பது உலோகத்தை. தின்ற செம்பு திரும்பி வராது. அதனால் கடலோரத்தில் ஆயுளைக் குறைப்பது எது என்று கேட்டால், உப்பைத்தான் முதலில் சொல்வேன். தூசி அந்த உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பஞ்சு.

“தண்ணி ஒரு சொட்டுகூட படவிடலயே, உப்பு எப்படி உள்ள போகும்?”

அலை உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் ஏறுகின்றன. தண்ணீர் காய்ந்தாலும் உப்புத் துகள் காற்றிலேயே மிதக்கும். உங்கள் ஃபேன் அதை இழுத்து உள்ளே போடுகிறது, அவ்வளவுதான். கரையிலிருந்து தள்ளிப் போகப் போக இது வேகமாகக் குறையும். முதல் சில நூறு மீட்டர்தான் மோசம். மண்டபம் மாதிரி இரண்டு பக்கமும் கடல் உள்ள ஊரில் தப்ப இடமில்லை. வாடைக்காற்றில் பாக் நீரிணைப் பக்கம் வாங்கும், கச்சான் காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கம் வாங்கும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தைத் துருவிலிருந்து காப்பாற்ற எத்தனை பெயின்ட் பூசியிருப்பார்கள் என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே போன உப்பு காய்ந்து கிடந்தால் தொல்லை குறைவு. சமையல் உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை. கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீதத்திலேயே ஈரம் வாங்கத் தொடங்கும். ஆகவே மதர்போர்டில் படிந்த கடல் உப்பு முழுசாகக் காய்வதே அபூர்வம்.

அந்த உப்புநீர்ப் படலம் மின்சாரத்தைக் கடத்தும். அருகருகே இருக்கும் இரண்டு பின்களில் ஒன்றில் 5 வோல்ட், மற்றதில் பூஜ்ஜியம் என்றால், ஒன்றிலிருந்து உலோகம் கரைந்து மற்றதை நோக்கி நகரும். செம்பு பச்சை பூக்கும். அலுமினியத் தகடு வெள்ளை மாவு பூக்கும். இதற்கு ஈரம், உப்பு, வோல்ட்டேஜ் மூன்றும் ஒன்றாக வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இதே கணக்கு மறுபடி வரும்.

“ஓடி ஓடி கெடுமா, சும்மா கிடந்து கெடுமா?”

சும்மா கிடந்துதான் அதிகம் கெடுகிறது. வருகிறவர்களில் பலர் இதை நம்புவதில்லை, அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

அறையில் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையோரத்தில் இது சாதாரண ராத்திரி. கம்ப்யூட்டர் ஓடும்போது கேபினட் உள்காற்று 40 டிகிரிக்குப் போகும். காற்றில் உள்ள நீராவி அதே அளவுதான், ஆனால் சூடான காற்று இன்னும் நிறைய நீராவியைத் தாங்கும். அதனால் உள்ளே ஈரப்பதம் சுமார் 46 சதவீதமாக இறங்கிவிடும். சிப்புகளை ஒட்டிய இடத்தில் இன்னும் குறைவு. சமையல் உப்பு கரையும் 75-க்கு இது எவ்வளவோ கீழே.

நிறுத்திய ஒரு மணி நேரத்தில் எல்லாம் அறைச் சூட்டுக்கு வந்து, மறுபடி 80 சதவீதம். இந்த நேரத்தில் சுவிட்ச் போர்டில் ஸ்விட்ச் ஆன் ஆகவே இருந்தால், விண்டோஸை ஷட்டவுன் செய்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். குளிர்ந்த போர்டு, கரைந்த உப்பு, மேலே 5 வோல்ட்: மூன்றும் சேர்ந்துவிட்டன. விளையாடி முடித்ததும் சுவரில் இருக்கும் சுவிட்சையும் அணைத்தால் அதில் ஒன்றை எடுத்துவிடுகிறீர்கள். காசு செலவில்லாத வேலை. கடலோர வீட்டில் இதைவிடப் பலன் தரும் பழக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

பரீட்சை நேரம் என்று ஒரு மாதம் தொடாமல் வைக்கிறவர்கள் தினமும் அரைமணி நேரம் போட்டுச் சூடாக்கி அணையுங்கள்.

“காலையில மூணு நாலு தடவை அமுக்கினாதான் டிஸ்பிளே வருது. ஓடிட்டா நல்லா ஓடுது. எஸ்எம்பிஎஸ் மாத்தணுமா?”

போன வாடைக்காலத்தில் மண்டபத்திலிருந்து ஒரு தம்பி இதே வார்த்தையோடு வந்தார். மூன்று வருடக் கம்ப்யூட்டர். ஊரிலேயே எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியிருந்தார், குணமில்லை. கூடவே இன்னொரு புகார்: இருபது நிமிடம் விளையாடினால் கேம் திக்குகிறது.

நான் முதலில் கேட்டது ஒன்றுதான்: “எப்ப மோசம், போட்டவுடனேயா, போகப்போகவா?” சூட்டுக்கோளாறு விளையாட விளையாட மோசமாகும். ஈரக்கோளாறு ஆறிக் கிடந்து எழும்போதுதான் மோசம், சூடேறச் சூடேறச் சரியாகிவிடும். இந்தத் தம்பிக்கு இரண்டும் இருந்தன. அதனால்தான் ஊர்க்கடையில் குழம்பியிருக்கிறார்கள்.

திக்கும் புகாரை முதலில் எடுத்தேன். கேமை ஓடவிட்டு, என்விடியா கார்டு என்பதால் இந்தக் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். 5 நொடிக்கு ஒருமுறை கார்டின் சூடு, ஃபேன் வேகம், கிளாக் மூன்றையும் காட்டும்:

```
nvidia-smi --query-gpu=temperature.gpu,fan.speed,clocks.gr --format=csv -l 5
```

அறை 32 டிகிரி. கார்டு 87 டிகிரிக்கு ஏறி நின்றது. ஃபேன் நூறு சதவீதத்தில் கத்தியது. 1,800 மெகாஹெர்ட்ஸ் கிளாக் 1,500 பக்கம் இறங்கியது. ஃபேன் முழு வேகத்தில் இருந்தும் சூடு தணியவில்லை என்றால் காற்றுக்கு வழியில்லை என்று பொருள். ஃபேன் மூடியைக் கழற்றினால் தகடுகள் மேல் கம்பளி மாதிரி ஒரு படலம். விரலால் உரசினேன். மதுரைத் தூசி என்றால் பறக்கும். இது பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது, லேசான மீன்வாடையும் அடித்தது. வீட்டு முற்றத்தில் கருவாடு காயப்போடுவார்களாம்.

அடுத்தது, ஆன் ஆகாத புகார். ராமைக் கழற்றினேன். தங்க நிறப் பற்களில் மங்கல் கறை. ராம் ஸ்லாட்டின் ஓரத்தில், சாலிடர் புள்ளிகளுக்கு நடுவே, டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் வெள்ளைப் படலம். பின்பக்க யுஎஸ்பி ஒன்றின் கால்களில் பச்சை. ராத்திரி ஈரத்தில் அந்தப் படலம் மின்சாரத்தைக் கசியவிடுகிறது, ராம் சிக்னல் கெடுகிறது. மூன்று தடவை அமுக்குவதற்குள் போர்டு கொஞ்சம் சூடாகி ஈரம் வற்றுகிறது, டிஸ்பிளே வந்துவிடுகிறது. ஆனால் சந்தேகம் இருந்தது. உறுதி செய்ய ஹேர் டிரையரை மிதமான சூட்டில் இரண்டு நிமிடம் ஸ்லாட் மேல் காட்டிவிட்டுப் போட்டேன். முதல் அமுக்கிலேயே வந்தது. இரண்டு நாள் மழைக்காற்றில் வைத்துவிட்டுப் போட்டேன். வரவில்லை. அதற்குப் பிறகுதான் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன்.

“ஆல்கஹால் போட்டுத் துடைச்சா போதாதா?”

எண்ணெய்ப் பிசுக்குக்குப் போதும். உப்புக்குப் போதாது. 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் உப்பு கரையவே கரையாது என்று சொல்லலாம். துடைத்தால் பளபளக்கும், உப்பு இடம் மாறிக் கிடக்கும், இரண்டு மாதத்தில் அதே புகார் திரும்பி வரும். உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். அதுவும் உப்பில்லாத தண்ணீர்.

அந்தப் போர்டுக்குச் செய்ததைச் சொல்கிறேன். மின்கம்பியை உருவி, சிஎம்ஓஎஸ் பேட்டரி, பிராசசர், ராம், ஹீட்சிங்க், எஸ்எஸ்டி எல்லாம் கழற்றினேன். பிராசசர் சாக்கெட்டை அதன் பிளாஸ்டிக் மூடியால் மூடினேன். முதலில் காய்ந்த மென்மையான பிரஷ்ஷும் புளோயரும். பிறகு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் சீல் பிரிக்காத டிஸ்டில்ட் வாட்டரில் பிரஷ்ஷைத் தோய்த்து, வெள்ளைப் படலம் இருந்த இடங்களை மட்டும் மூன்று முறை கழுவினேன். ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம், அதிலும் உப்பு மிச்சம் இருக்கும். உடனே ஆல்கஹாலால் அந்தத் தண்ணீரைத் தள்ளிவிட்டேன். இங்கேதான் ஆல்கஹாலுக்கு வேலை. ஸ்லாட்டுக்குள்ளும் சிப்புகளுக்கு அடியிலும் தங்கிய தண்ணீரை இழுத்துக்கொண்டு ஆவியாகும். அதன் பிறகும் ஒரு நாள் முழுக்க ஃபேன் காற்றில் நிறுத்தி வைத்தேன். அவசரப்பட்டு ஈரத்தோடு மின்சாரம் கொடுத்தால் ஒரு வருடத்தில் நடக்கும் அரிப்பு ஒரு நிமிடத்தில் நடந்துவிடும்.

ராம் பற்களை ரப்பரால் அழிக்கும் வழக்கம் நம் ஊரில் பரவலாக உண்டு. தங்கப்பூச்சு மிக மெல்லியது, ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் போகும். பஞ்சில்லாத துணியில் அதே டிஸ்டில்ட் வாட்டரும் பிறகு ஆல்கஹாலும் போதும்.

கார்டின் தகடுகளைச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட்டும் புதிதாகப் போட்டேன். அதே கேமில் கார்டு 74 டிகிரி, ஃபேன் 65 சதவீதம், கிளாக் இறங்கவில்லை. போர்டு முதல் அமுக்கிலேயே வந்தது. மழைக்காற்றில் மறுபடி இரண்டு நாள் வைத்தும் வந்தது. பச்சை பூத்த யுஎஸ்பி மட்டும் போனது போனதுதான், உள்ளே செம்புத் தடமே அரித்திருந்தது. ஒரு வருடம் முன்னே வந்திருந்தால் அதுவும் பிழைத்திருக்கும்.

இந்தக் கழுவும் வேலை போர்டைப் பிரித்துப் பழகாதவர்களுக்கு அல்ல. எஸ்எம்பிஎஸ்ஸை யாருமே வீட்டில் திறக்க வேண்டாம். கம்பியை உருவிய பிறகும் அதன் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

“வீட்டுல நானே செய்யுற சுத்தம் எது? எத்தனை நாளைக்கு ஒருதடவை?”

கரையோரம் என்றால் மாதம் ஒருமுறை முன்பக்கத் தூசி வடிகட்டியைக் கழற்றித் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். உள்ளே வரும் உப்பில் கணிசமானதை அந்த வலை பிடித்துவிடும். அதை அலசுவதால் அது வீட்டைவிட்டே போகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே தூக்கிப்போய் கேபினட்டுக்குப் புளோயர். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுழலவிட்டால் தன் வேகத்தைவிடப் பல மடங்கு சுற்றி பேரிங் கெடும். வாடைக்காலம் தொடங்குமுன், அதாவது புரட்டாசியில், ஒரு சுற்று கட்டாயம். தூசி என்ற பஞ்சு இல்லாமல் மழைக்காலத்துக்குள் நுழைந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, கொசுவர்த்திப் புகையும் சாம்பிராணியும் தூசியைப் பிசினாக்கும். அந்த அறையில் வேண்டாம்.

“மதுரைக்கு வீடு மாத்திட்டோம். இனி கவலை இல்லைதானே?”

உப்புக்கவலை புதிதாக வராது. பழைய உப்பைக் கழுவிவிட்டால் நிம்மதி. தூசி மட்டும் இங்கே கூடுதல். ஆடிக்காற்றில் மாடிவீட்டு ஜன்னலோரம் வைத்த கேபினட்டை ஒரே மாதத்தில் அடைத்துவிடும். சித்திரை, வைகாசியில் அறையே 36, 37 டிகிரி இருக்கும்போது அடைத்த ஹீட்சிங்கோடு விளையாடுவதுதான் மதுரைக்காரர்களின் பிரச்சினை. ஊதினால் போய்விடும், அவ்வளவே.

“ஏசி ரூம்ல வச்சா பாதுகாப்புதானே?”

ஏசி ஓடும்வரை பாதுகாப்பு. அது காற்றிலிருந்து தண்ணீரை எடுத்து வெளியே விடுகிறது. ஆபத்து, அணைத்தவுடன் ஜன்னலைத் திறக்கும்போது. மேலே சொன்ன 30 டிகிரி, 80 சதவீதக் காற்று 26 டிகிரிக்கும் குறைவான எதைத் தொட்டாலும் தண்ணீராகப் படியும். ராத்திரி முழுக்க 23 டிகிரியில் குளிர்ந்த கேபினட்டின் மேல் கடல்காற்று பட்டால், குளிர்ந்த சோடாப் பாட்டில் வியர்ப்பது மாதிரி வியர்க்கும். வெளியே தெரிவது உள்ளேயும் நடக்கும். ஏசியை அணைத்தபின் ஒரு மணி நேரமாவது ஜன்னலைச் சாத்தியே வையுங்கள். அந்த நேரத்தில் கம்ப்யூட்டரைப் போடவும் வேண்டாம்.

“சிலிக்கா ஜெல் பாக்கெட் உள்ள போட்டு வைக்கவா?”

ஓடும் கேபினட்டில் பயனில்லை. ஃபேன் நிமிடத்துக்கு நிமிடம் புதுக்காற்றைக் கொண்டு வருகிறது. நாலு பாக்கெட் ஒரே நாளில் நிறைந்துவிடும்.

ஆனால் இரண்டு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறீர்கள் என்றால் அதுவே அருமையான வழி. முதலில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்குங்கள். அணைத்து, கம்பிகளை உருவி, கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே தடித்த பாலித்தீன் பையில் வைத்து, வாயை டேப்பால் ஒட்டுங்கள். 80 லிட்டர் பைக்குள் இருக்கும் காற்றில் சுமார் 2 கிராம் தண்ணீர்தான் உண்டு. அதற்குப் பத்து கிராம் ஜெல்லே போதும். ஆனால் தூசியும் அட்டையும் ஈரம் வைத்திருக்கும், பையும் மெல்லக் கசியும். ஆகவே கால் கிலோ போடுங்கள். நிறம் மாறும் வகையாக வாங்கினால் திரும்பி வந்ததும் பை தாக்குப்பிடித்ததா என்று பார்த்தே சொல்லிவிடலாம்.

ஒட்டாத பிளாஸ்டிக் உறையைச் சும்மா கவிழ்த்து வைப்பது இதற்கு ஈடாகாது. தூசிதான் நிற்கும், ஈரம் அடியில் நுழைந்து தங்கும்.

“புதுசா வாங்கப்போறேன். கடலோரத்துக்கு எந்த கேபினட்?”

முன்பக்கம் வலை, அதற்குப் பின்னால் கழற்றி அலசக்கூடிய வடிகட்டி, உள்ளே இழுக்கும் ஃபேன்கள் வெளியே தள்ளுவதைவிட ஒன்று அதிகம். அப்போது காற்று வடிகட்டி வழியாகத்தான் வரும், இண்டு இடுக்கு வழியாக வராது. தண்ணீர்க் கூலர் வாங்கினால் இந்தத் தொல்லை தீராது, அதன் ரேடியேட்டர் தகட்டிலும் இதே உப்புத்தான் படியும். தரையில் வைக்காதீர்கள், மேசை மேல், கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வையுங்கள்.

“துரு பிடிச்ச கார்டுக்கு வாரண்டி கிடைக்குமா?”

பெரும்பாலும் கிடைக்காது. துரு, அரிப்பு, ஈரச்சேதம் ஆகியவற்றை வாரண்டி விதிகள் பொதுவாக விலக்கி வைக்கின்றன. கார்டின் பின்தகடு துருப்பிடித்திருந்தாலே வாங்கும் இடத்தில் சந்தேகப்படுவார்கள். அதனால் வாரண்டி முடியும்வரை காத்திராமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். திருகு தலையில் பழுப்பு, யுஎஸ்பி வாயில் மங்கல், ஹீட்சிங்க் ஓரத்தில் வெள்ளை மாவு, இவைதான் முதலில் தெரியும். அந்தக் கட்டத்தில் கொண்டு வந்தால் கழுவிக் கொடுத்துவிடலாம். போர்டின் தடங்களில் பச்சை ஓடிவிட்டால் அதன்மேல் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். ராம், எஸ்எஸ்டி, பிராசசர் மூன்றையும் எடுத்துச் சுத்தம் செய்து, வேறு போர்டில் மாட்டித் தருவேன்.